வீட்டுக்காரம்மாவுக்கு பான் இல்லை: ஹெச்.ஆர்.ஏ. விலக்கு கேட்பது எப்படி?

"சென்னையில் மாதம் 25,000 ரூபாய் வாடகையில் இருக்கிறேன். வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது, பான் கார்டே எடுத்ததில்லையாம். வாடகையை அவர் மகனுக்கு ஜிபே செய்கிறேன், ரசீதில் அம்மா கையெழுத்துப் போடுகிறார். 'பான் இல்லாத ரசீது செல்லாது, பணம் போன பெயரும் வேறு' என்று ஆபீஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேசாமல் மகனின் பான் நம்பரைக் கொடுத்துவிடவா? இல்லை, இந்த வருடம் ஹெச்.ஆர்.ஏ.வை மறந்துவிட வேண்டியதுதானா?"

மகனின் பானை மட்டும் கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

நான் சென்னையில் ஒரு கம்பெனியின் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஜனவரி வந்தால் வாடகை ரசீதுகளைப் புரட்டிப் பார்த்துச் சந்தேகப்படுவதுதான் என் வேலை. அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் என்ன யோசிப்பார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இது 2025-26 நிதியாண்டுக்கான பதில். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், 2026-27 முதல் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறும்.

வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், விலக்கு கேட்டு ஆபீஸில் கொடுக்கும் 12பிபி படிவத்தில் வீட்டு உரிமையாளரின் பெயர், முகவரி, பான் மூன்றையும் எழுத வேண்டும். உங்கள் வாடகை வருடத்துக்கு மூன்று லட்சம். ஆகவே ஆபீஸில் பான் கேட்டது சரிதான். ஆனால் பான் இல்லாவிட்டால் விலக்கே கிடையாது என்று சட்டம் சொல்லவில்லை. ஹெச்.ஆர்.ஏ. விலக்கைத் தரும் 10(13ஏ) பிரிவில் பான் என்ற பேச்சே இல்லை. நீங்கள் வாடகை வீட்டில் இருக்க வேண்டும், அந்த வீடு உங்களுடையதாக இருக்கக் கூடாது, வாடகையை உண்மையாகவே கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பான் இல்லாத உரிமையாளருக்கு என்ன செய்வது என்பதை மத்திய நேரடி வரிகள் வாரியம் 2013 அக்டோபர் 10 தேதியிட்ட 8/2013 சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. தனக்கு பான் இல்லை என்று உரிமையாளர் பெயர், முகவரியோடு எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியை ஊழியர் தாக்கல் செய்தால் போதும். ஆபீஸுக்கு அனுப்பும் மெயிலில் இந்த எண்ணையும் தேதியையும் குறிப்பிடுங்கள். சம்பளப் பிரிவில் இருக்கும் பலருக்கு சாஃப்ட்வேரில் பான் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் போகாது என்பதுதான் தெரியும், சுற்றறிக்கை தெரியாது.

உறுதிமொழியை வெள்ளைத்தாளில் எழுதினாலே போதும். ஏறக்குறைய இப்படி:

"நான் …, வயது …, … முகவரியில் வசிக்கிறேன். … முகவரியில் உள்ள வீடு எனக்குச் சொந்தமானது. அதில் திரு. … 2023 ஜூன் முதல் மாதம் ரூ.25,000 வாடகைக்குக் குடியிருக்கிறார். எனக்கு நிரந்தரக் கணக்கு எண் (பான்) இல்லை. என் வசதிக்காக வாடகையை என் மகன் …-இன் வங்கிக் கணக்கில் செலுத்தும்படி நான்தான் கேட்டுக்கொண்டேன். அந்தத் தொகை முழுவதும் எனக்கு உரிய வாடகையே."

கீழே தேதி, கையெழுத்து. கூடவே அம்மாவின் ஆதார் நகல் (முதல் எட்டு இலக்கங்களை மறைத்தது போதும்). சில ஆபீஸ்களில், பான் இல்லாதவர்கள் நிரப்பித் தரும் படிவம் 60 கேட்பார்கள். அது வேறு வகைப் பரிவர்த்தனைகளுக்காக வந்த படிவம் என்றாலும், அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம், அதையும் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மகன் பற்றிய அந்த வரிதான் உங்கள் விஷயத்தில் முக்கியம். ரசீதில் ஒரு பெயர், வங்கி ஸ்டேட்மென்ட்டில் இன்னொரு பெயர் என்றால் நான்கூட நிறுத்தத்தான் செய்வேன். இதுவரை மகனுக்குப் போன பணத்துக்கு இந்தக் கடிதம் விளக்கமாக அமையும். மீதி மாதங்களுக்கு அம்மாவின் சொந்தக் கணக்குக்கே அனுப்பிவிடுங்கள். அவருக்கு ஜிபே இல்லாவிட்டால் என்ன, பேங்க் பாஸ்புக் இருக்குமே, அந்தக் கணக்கு எண்ணுக்கு அனுப்பலாம்.

மகனின் பானைக் கொடுத்தால் என்ன ஆகும் என்கிறீர்களா? வருடக் கடைசியில் உங்கள் ஆபீஸ் டி.டி.எஸ். கணக்குத் தாக்கல் செய்யும்போது, உரிமையாளரின் பான் என்று அதையும் சேர்த்து அனுப்பும். வீடு அவர் பெயரில் இல்லை, அவர் கணக்கிலும் வாடகை வருமானம் காட்டியிருக்க மாட்டார். துறை கேட்டால் "அது என் வீடே இல்லை" என்பார். அவர் சொல்வது உண்மைதான். பொய் சொன்னவர் நீங்களாகிவிடுவீர்கள். வருமானத்தைத் தவறாகக் காட்டியதாக முடிவானால், 270ஏ பிரிவில், அதனால் குறைந்துபோன வருமான வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் உண்டு. உண்மையிலேயே கொடுத்த வாடகைக்கு இப்படி ஒரு வம்பு எதற்கு?

அப்புறம் ரசீதுகள். எங்களைச் சந்தேகப்பட வைப்பவை என்று சில உண்டு. பன்னிரண்டு ரசீதும் ஒரே பேனாவில், ஒரே நாளில் எழுதியது போல இருக்கும். வாடகை ஒப்பந்தத்தில் 22,000 என்றிருக்கும், ரசீதில் 25,000. கேட்டால் மெயின்டனன்ஸ் சேர்த்து என்பார்கள். மெயின்டனன்ஸும் கரன்ட் பில்லும் வாடகை ஆகாது, அட்வான்ஸும் ஆகாது. ரொக்கமாகக் கொடுத்து 5,000 ரூபாய்க்கு மேல் ரசீது வாங்கினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், அது பல நேரம் இருக்காது. சென்னையில் அடிக்கடி பார்க்கும் இன்னொன்று, ஈபி இணைப்பும் சொத்து வரியும் இறந்துபோன கணவர் பெயரிலேயே இருப்பது. உங்கள் வீட்டிலும் அப்படி என்றால் உறுதிமொழியில் ஒரு வரி சேர்த்து, இறப்புச் சான்றிதழ் நகலையும் வையுங்கள். நீங்கள் அங்கே குடியிருப்பதற்குச் சான்றாக, அந்த வீட்டு ஈபி பில்லை உங்கள் கணக்கிலிருந்து கட்டிய விவரம் நன்றாக உதவும்.

இவ்வளவு கொடுத்தும் ஆபீஸ் மறுக்கலாம். அவர்களைக் கட்டாயப்படுத்த நமக்கு வழி இல்லை. சான்றில் திருப்தி இல்லையென்றால் விலக்குக் கொடுக்காமல் கூடுதல் டி.டி.எஸ். பிடிப்பார்கள். ஆனால் அதோடு விலக்கு போய்விடாது. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது நீங்களே கேட்கலாம். பிடித்த வரி ரீஃபண்டாக வரும்.

அதற்கு முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் ஹெச்.ஆர்.ஏ. விலக்கு பழைய வரி முறையில் மட்டும்தான். உங்கள் வருடச் சம்பளம் 12.75 லட்சத்துக்குள் இருந்தால், புதிய முறையில் வரியே இல்லை. இந்த ரசீதுச் சண்டையே வேண்டாம்.

அதற்கு மேல் என்றால், ஓர் உதாரணம். சம்பளம் 16 லட்சம், அதில் அடிப்படைச் சம்பளம் 8 லட்சம், ஹெச்.ஆர்.ஏ. 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வந்த ஹெச்.ஆர்.ஏ. 4 லட்சம். சென்னை என்பதால் அடிப்படையில் பாதி, அதுவும் 4 லட்சம். வாடகை 3 லட்சத்தில் அடிப்படையின் பத்து சதவீதமான 80,000-ஐக் கழித்தால் 2.2 லட்சம். மூன்றில் குறைந்ததுதான் விலக்கு, ஆகவே 2.2 லட்சம். இவருக்கு ஊரில் பெற்றோர் இருக்கும் வீட்டின் கடன் வட்டி 2 லட்சம், 80சி 1.5 லட்சம், தனக்கும் மூத்த குடிமக்களான பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு 75,000 உண்டு என்றால், நிலைக்கழிவும் போகப் பழைய முறையில் வரி 97,240 ரூபாய். புதிய முறையில் 1,13,100. பழையது லாபம். ஹெச்.ஆர்.ஏ. மட்டும் மறுக்கப்பட்டால் பழைய முறையில் 1,56,000 ஆகிவிடும். பார்க்கப் பெரிய நஷ்டம் போலத் தெரியும். ஆனால் ரிட்டர்னில் புதிய முறைக்கு மாறிக்கொள்ளலாம் என்பதால், ஹெச்.ஆர்.ஏ. கைவிட்டுப் போனால் இவருக்கு உண்மையான இழப்பு 15,860 ரூபாய்தான். உங்கள் எண்களை வைத்து இதைப் போட்டுப் பார்த்தால், எவ்வளவு தூரம் மல்லுக்கட்டுவது என்று தெரிந்துவிடும்.

ரிட்டர்னில் கேட்பதென்றால் தேதி மிக முக்கியம். சம்பளக்காரர்களுக்கு ஜூலை 31, அரசு நீட்டித்தால் அந்தத் தேதி. அதற்குள் பழைய முறையைத் தேர்ந்தெடுத்துத் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் புதிய முறையில்தான் தாக்கல் செய்ய முடியும், ஹெச்.ஆர்.ஏ. கேட்கவே முடியாது. ரிட்டர்னோடு எந்தத் தாளையும் இணைக்க வேண்டியதில்லை. ஆனால் படிவம் 16-இல் இல்லாத விலக்கை நீங்கள் காட்டுவதால் பின்னால் கேள்வி வரலாம். உறுதிமொழி, ஒப்பந்தம், ரசீது, வங்கி ஸ்டேட்மென்ட் நான்கையும் ஒரு கவரில் போட்டுச் சில வருடங்கள் பத்திரமாக வைத்திருங்கள்.

அடுத்த வருடத்துக்கு, அம்மாவையே பான் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் "பான் எடுத்தால் வரி கட்டச் சொல்வார்கள்" என்ற பயம்தான். அவருக்கு வருட வாடகை 3 லட்சம். வரிச் சட்டப்படி அதில் முப்பது சதவீதம் கழித்தால் 2,10,000. வேறு பெரிய வருமானம் இல்லையென்றால் வரி வரம்புக்குள்ளேயே வராது. இதை ஒரு தாளில் எழுதிக் காட்டினால், அம்மாவிடம் எடுபடாவிட்டாலும் மகனிடம் எடுபடும். வருமான வரித் துறையின் தளத்தில் Instant e-PAN என்ற வசதி இருக்கிறது, இலவசம். ஆதாரோடு மொபைல் எண் இணைந்திருக்க வேண்டும், ஆதாரில் பிறந்த நாள், மாதம், வருடம் மூன்றும் இருக்க வேண்டும். வயதானவர்கள் பலரின் ஆதாரில் பிறந்த வருடம் மட்டும் இருக்கும். அப்படி இருந்தால் முதலில் ஆதார் மையத்தில் பிறந்த தேதியைத் திருத்த வேண்டும், அதற்கு நாளாகும், ஜனவரி வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்கிவிடுங்கள்.