பிளக் மாட்டிவிட்டால் பார்ட் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை

கேள்வி: பழைய பைக் உதிரிபாகங்களை ஆன்லைனில் விற்கிறேன். எந்த மாடல், எந்த வருஷம் என்று தெளிவாகப் போட்டும் தப்பான பார்ட்டை வாங்கித் திருப்பி அனுப்புகிறார்கள். விவரத்தை எப்படி எழுதினால் இது குறையும்?

நீங்கள் தமிழ்நாட்டில் இருந்து கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நான் பர்மாவில், மோல்மேனில் இருக்கிறேன். தாத்தா காலத்தில் இருந்தே இங்கேதான். பழைய வண்டியைப் பிரித்து சாமான் விற்பதுதான் தொழில். போன முறை இந்தத் தளத்தில் ஒரு பதிலில் பைக்கை ‘சைங்கே’ என்று எழுதிவிட்டேன். அதற்கு ஒருவர் “முதலில் தமிழ் கற்றுக்கொண்டு வாருங்கள்” என்றார். ஐயா, இங்கே பர்மியர், மொன், கரேன் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கடையில் ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழுந்தால் உங்கள் வாயிலும் அதுதான் வரும். இந்தப் பதிலில் பைக் என்றே எழுதுகிறேன்.

நீங்கள் “தெளிவாகப் போட்டும்” என்று சொல்லும் இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது. நானும் தெளிவாகத்தான் போட்டேன். ‘சீனா 125, 2008 முதல் 2014 வரை, சிடிஐ யூனிட், நல்ல கண்டிஷன்’. சிடிஐ என்றால் ஸ்பார்க் பிளக்கில் பொறி வரவைக்கும் சின்ன டப்பா. இதைவிடத் தெளிவாக எப்படி எழுதுவது என்று நினைத்தேன். அந்த ஒரு வரியால் இரண்டு சிடிஐ போனது.

தட்டோனில் ஒரு தம்பி மெக்கானிக் கடை வைத்திருக்கிறான், நம் ஆள். வண்டியில் கரண்ட் வரவில்லை, ஸ்பார்க் பிளக்கில் பொறியே இல்லை என்று என்னிடம் சிடிஐ வாங்கினான். பஸ்ஸில் போட்டு அனுப்பினேன். மறுநாள் போன்.

“அண்ணே, நீங்க அனுப்பினது செத்த பீஸ்.”

நான் அனுப்புவதற்கு முன்னால் கடையில் ஒரு வண்டியில் மாட்டி ஓட்டிப் பார்த்த பீஸ் அது. ஆனாலும் பழைய சாமான்தானே, வழியில் ஏதாவது ஆகியிருக்கும் என்று இன்னொன்று அனுப்பினேன். அதுவும் செத்தது. முதல் பீஸ் திரும்பி வந்ததும் அதே வண்டியில் மாட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே செத்துத்தான் இருந்தது. பையன் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். சிடிஐயில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பேட்டரியின் 12 வோல்ட்டை வாங்கி, உள்ளேயே அதை நூற்றுக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிக்கொள்ளும், அது டிசி. இன்னொன்று பேட்டரியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மேக்னட்டுக்குள் இருக்கும் தனிக் காயில் ஒன்று, இன்ஜின் சுற்றும்போது உயர்ந்த வோல்ட்டை நேராகக் கொடுக்கும், அது ஏசி. பல சீனா வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே டப்பா, ஒரே நாலு பின் பிளக், பக்கத்தில் ஒரே இரண்டு பின் பிளக். கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம். நான் அனுப்பியது டிசி. அவன் வண்டி ஏசி. 12 வோல்ட் வர வேண்டிய வாசல் வழியாகக் காயிலின் வோல்ட் உள்ளே போனது. பொறி வரவில்லையே என்று அவன் இன்னும் வேகமாகக் கிக்கரை மிதிக்க மிதிக்க, என் சிடிஐ உள்ளே கருகியது. இதையே தலைகீழாகச் செய்திருந்தால், அதாவது ஏசி பீஸை டிசி வண்டியில் மாட்டியிருந்தால், பெரும்பாலும் வெறுமனே பொறி வராது, அவ்வளவுதான், பீஸ் பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் டிசி பீஸ் விற்கும்போது விவரத்தை இரண்டு மடங்கு கவனமாக எழுத வேண்டியிருக்கிறது.

மூன்றாவது பீஸ் அனுப்புவதற்கு முன் போனிலேயே அவனை மீட்டரை எடுக்கச் சொன்னேன். சிடிஐயைக் கழற்றிவிட்டு, வண்டிப் பக்கப் பிளக்கில் பார்க்க வேண்டும். சாவியைப் போடு, இன்ஜினை உதைக்காதே, ஒவ்வொரு பின்னாகப் பாடிக்கு வைத்துப் பார் என்றேன். எதிலும் 12 வோல்ட் இல்லை. மீட்டரை ஏசிக்குத் திருப்பி, கிக்கரை உதைத்துப் பார் என்றேன். ஒரு பின்னில் முள் எகிறி ஐம்பது பக்கம் போனது. முடிந்தது. ஏசி வண்டி. மீட்டர் இல்லாதவன் மேக்னட் மூடியைக் கழற்றிக் காயில் பிளேட்டைப் பார்க்கலாம். ஏசியாக இருந்தால் மற்றக் காயில்களைப் போல வெறும் செம்புக் கம்பியாக இல்லாமல், ஒன்று மட்டும் வெள்ளை நாடா சுற்றிக் கட்டுப்போட்ட விரல் மாதிரி தனியாகத் தெரியும்.

இதில் வருஷம் எங்கே வந்தது என்று பாருங்கள். எங்கேயுமே வரவில்லை. அவன் வண்டியின் சேஸிஸ் 2010. நான் போட்ட வருஷக் கணக்குக்குள்தான் இருந்தது. ஆனால் இன்ஜின் வேறு வண்டியுடையது, எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். சிடிஐக்குச் சேஸிஸ் வருஷம் எதற்கு? அது பேசுவது காயில் பிளேட்டோடு. காயில் பிளேட் வருவது இன்ஜினோடு. இன்ஜின் மாறியிருந்தால் வண்டியின் பெயரும் வருஷமும் வெறும் ஸ்டிக்கர்தான்.

“இது சீனா வண்டிப் பிரச்சினை, எங்களுக்கு வராது” என்று யாராவது எழுதப் போகிறீர்கள். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 புகை விதி. ஸ்ப்ளெண்டர் பிளஸ் என்ற அதே பெயரில் அதற்கு முன் கார்ப்பரேட்டர், அதற்குப் பின் இன்ஜெக்ஷன். ஒருவர் ‘என் வண்டி 2020’ என்கிறார். அந்த வருஷம் மார்ச் வரை பதிவான பிஎஸ்4 வண்டியும் 2020தான், டிசம்பரில் வாங்கிய பிஎஸ்6 வண்டியும் 2020தான். 2017லும் இப்படி ஒரு கோடு இருக்கிறது. அந்த ஏப்ரலில் இருந்து முன்விளக்கு எப்போதும் எரிய வேண்டும் என்று ஆனதால் ஹேண்டில் சுவிட்சில் லைட்டை அணைக்கும் பொத்தானே போய்விட்டது. ‘2016 முதல் 2018 வரை பொருந்தும்’ என்று நீங்கள் சுவிட்சைப் போட்டால் பாதிப் பேருக்குத் தவறான பொருள்தான் போகும்.

எங்கள் பக்கம் நிலைமை இன்னும் மோசம். தாய்லாந்தில் ஓடி முடிந்து எல்லை தாண்டி வந்த வண்டி, லைசென்ஸ் இல்லாமல் ‘வித்தவுட்’ ஆகவே பல வருஷம் ஓடிவிட்டு, ஒருநாள் நம்பர் வாங்கும். கேட்டால் நம்பர் வாங்கிய வருஷத்தைச் சொல்வார்கள், இல்லை கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வாங்கினேன் என்பார்கள். அதனால் வருஷம் கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். சேஸிஸ் நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். முதல் மூன்று எழுத்து MLH என்றால் தாய்லாந்து ஹோண்டா, ME4 என்றால் இந்திய ஹோண்டா, L என்று தொடங்கினால் சீனா. மாடல் பெயரைவிட இது அதிகம் சொல்லும்.

பார்ட்டில் நம்பர் இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். ஹோண்டா நம்பர் ஐந்து, மூன்று, மூன்று என்று மூன்று துண்டாக இருக்கும். முதல் ஐந்து அது என்ன சாமான் என்று சொல்லும். நடு மூன்று எந்த மாடலுக்காக முதலில் செய்தார்கள் என்பது; KPH என்றால் பழைய வேவ் 125, KWW என்றால் வேவ் 110i. நான் முதலில் தப்புச் செய்தது இங்கேதான். KPH என்று பார்த்தால் வேவ் 125க்கு மட்டும்தான் என்று எழுதிவிடுவேன். அதே சாமானைப் பின்னால் வந்த மாடலிலும் போட்டால் கம்பெனி நம்பரை மாற்றாது, பழைய எழுத்தே நிற்கும். ஆக, நடு எழுத்து பிறந்த வீட்டைச் சொல்லும், வாழ்க்கைப்பட்ட வீடுகளைச் சொல்லாது. இன்னொன்று, வார்ப்பிலேயே வெறும் KPH என்று மட்டும் புடைத்திருப்பது முழுப் பார்ட் நம்பர் அல்ல. அதை வைத்துக்கொண்டு “நம்பர் ஒத்துப்போகிறது” என்று சத்தியம் செய்யாதீர்கள்.

இப்போது நான் அதே சிடிஐக்கு எழுதுவது இப்படி:

“சீனா 125 கார்ப்பரேட்டர் வண்டியில் கழற்றியது. டிசி வகை, பேட்டரி 12 வோல்ட். பிளக் நாலு பின், இரண்டு பின், போட்டோவில் பின் பக்கம் தெரியும். நானே மாட்டி ஓட்டிப் பார்த்தது: இந்த ஒரு வண்டி. வெள்ளை நாடா சுற்றிய காயில் உள்ள வண்டிக்கு ஆகாது. பிளக் சேரும், ஆனால் கருகிவிடும். சாவி போட்டால் வண்டிப் பிளக்கில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் அனுப்பவும்.”

‘ஆகாது’ என்ற அந்த வரிதான் வேலை செய்கிறது. ‘பொருந்தும்’ என்று பத்து மாடல் எழுதினால் ஆள் தன் வண்டிப் பெயரைத் தேடிக் கண்டுபிடித்ததும் படிப்பதை நிறுத்திவிடுகிறான். ‘ஆகாது’ என்றால் பயந்துபோய்க் கேட்கிறான். அப்புறம் ‘நானே மாட்டிப் பார்த்தது’ என்பதையும் ‘நம்பர் ஒன்றுதான், ஆகலாம்’ என்பதையும் ஒரே வரியில் கலக்காதீர்கள். எனக்கு முதல் வகையில் ஒன்றோ இரண்டோ வண்டிதான் வரும். பார்க்க ஏழையாக இருக்கும். பரவாயில்லை.

இரும்புச் சாமானுக்கு மாடல் பெயரைவிட அளவுதான் பேசும். பின் பல்சக்கரம் என்றால் பல் எத்தனை, நடு ஓட்டை எத்தனை மில்லி, எதிரெதிர் போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே எத்தனை மில்லி, செயின் 420ஆ 428ஆ. இந்தக் கடைசிக் கேள்வியில் நிறைய பேர் விழுகிறார்கள். இரண்டு செயினுக்கும் கணு இடைவெளி 12.7 மில்லிதான், அதனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று போலவே தெரியும். அகலம்தான் வேறு. 428 சக்கரம் தடிமனானது, அதன் பல் 420 செயினுக்குள் இறங்காது. மறுபக்கம், 420 சக்கரத்தில் 428 செயின் இறங்கிவிடும், ஆனால் அப்படியும் இப்படியும் ஆடிக்கொண்டே பல்லைத் தின்னும். இறங்கியது என்பதால் வாங்கியவன் மூன்று மாதம் கழித்து உங்களைத் திட்டுவான். வெர்னியர் வைத்துப் பல்லின் தடிமனை அளந்து போட்டோவோடு போடுங்கள்.

இவ்வளவும் செய்தால் யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. செத்த தன் பீஸை நம் டப்பாவில் வைத்து அனுப்புகிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதற்காக என் மகளின் நகப்பூச்சில் பிளக்கின் உள்பக்கம் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிடுகிறேன். சிவப்பு வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்துவிடும். வெளிர் ஊதா. இரண்டு தடவை அந்தப் புள்ளி இல்லாத பீஸ் திரும்பி வந்திருக்கிறது, ஆளைச் சொல்ல மாட்டேன்.

“ரங்கூன் பெரிய ஊர், அங்கே விற்கலாமே” என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ரங்கூன் நகருக்குள் 2003இல் இருந்து பைக் ஓட்டத் தடை. பைக்கே ஓடாத ஊரில் யாருக்குச் சிடிஐ விற்பது? இதைச் சொன்னால் எனக்கு வியாபாரம் தெரியாது என்கிறார்கள்.

தட்டோன் தம்பிக்கு அந்த இரண்டு பீஸுக்கும் நான் பணம் வாங்கவில்லை. எழுதியது நான்தானே. இப்போதெல்லாம் அவன் விலை கேட்பதற்கு முன்னாலேயே காயில் பிளேட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறான், கிரீஸ் படிந்த விரலால் வெள்ளை நாடாவைக் காட்டிக்கொண்டு.