ஒரு கிலோ இலைக்கு எத்தனை கிலோ விறகு?

கேள்வி: ஐயா, வர்ஜீனியா புகையிலை போடுகிறோம். சூட்டுக் கொட்டகையில் விறகு எரித்துத்தான் பதப்படுத்துகிறோம். கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் படிக்கும் மகள், புகையிலையின் கார்பன் தடம், தண்ணீர்ச் செலவு பற்றிக் கட்டுரை எழுத எங்கள் கணக்கையே கேட்டாள். கடைசிக் கொட்டகைக்கு ஏற்றிய பச்சை இலை சுமார் 3,000 கிலோ, எரித்த விறகு 3,600 கிலோ, கிடைத்த இலை 500 கிலோ. பாசன மோட்டாரும் லாரி, கப்பல் போக்குவரத்தும்தான் பெரிய செலவு, சொட்டுநீர் போட்டால் தடம் பாதியாகும் என்று எழுதியிருக்கிறாள். 300 சிகரெட்டுக்கு ஒரு மரம் என்றும் ஒரு வரி. இதெல்லாம் சரியா? எங்கள் விறகுச் செலவு அதிகமோ என்று எனக்கு வேறு கவலையாக இருக்கிறது.

பதில்: மகளின் கட்டுரைக்குத் தேவையான விடை உங்கள் கவலைக்குள்தான் இருக்கிறது. மோட்டாரையும் லாரியையும் சீக்கிரமே முடித்துவிடலாம்.

30 மீட்டர் ஆழத்திலிருந்து 1 கன மீட்டர் தண்ணீரை ஏற்ற, மோட்டாரின் திறன் பாதிதான் என்று வைத்தாலும், 0.16 யூனிட் மின்சாரம் போகும். ஹெக்டேருக்கு 1,500 கன மீட்டர் பாய்ச்சினால் சுமார் 245 யூனிட். நிலக்கரி மின்சாரம் அதிகம் கலந்த கம்பியில் யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று போடுங்கள். ஹெக்டேருக்கு 2,000 கிலோ இலை எடுத்தால், கிலோவுக்கு 90 கிராம்கூட வராது. கப்பலில் ஒரு டன் சரக்கு ஒரு கிலோமீட்டர் போக 15 கிராம் என்றால் 10,000 கிலோமீட்டருக்கு, கிலோ இலைக்கு 150 கிராம். லாரியில் 1,000 கிலோமீட்டர் போனால் மேலும் 100 கிராம். எல்லாம் சேர்த்தும் அரைக் கிலோவைத் தொடவில்லை. சொட்டுநீர் தண்ணீரை மிச்சப்படுத்தும், போடுங்கள். ஆனால் அதைப் போட்டதற்காகக் கார்பன் தடம் பாதியாகாது.

இனி கொட்டகைக்கு வருவோம். 3,000 கிலோ பச்சை இலையிலிருந்து சுமார் 2,500 கிலோ தண்ணீரை வெளியேற்றியிருக்கிறீர்கள். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். ஆக மொத்தத் தேவை 6,000 மெகாஜூல். நன்றாகக் காய்ந்த, 20 சதவீத ஈரமுள்ள விறகு கிலோவுக்கு சுமார் 14.7 மெகாஜூல் தரும். எதுவுமே வீணாகாத ஒரு கொட்டகை இருந்தால் 410 கிலோ விறகில் வேலை முடிந்திருக்கும். நீங்கள் எரித்தது 3,600 கிலோ.

இந்த இடத்தில்தான் விறகு விற்பவரும் அடுப்பு விற்பவரும் ஏமாற்றுகிறார்கள். உங்கள் 3,600 கிலோ என்ன விறகு என்று நீங்கள் எழுதவில்லை. அன்றைக்கு வெட்டி அன்றைக்கே வந்து இறங்கியது என்றால் அதில் பாதி தண்ணீர். காசு கொடுத்து வாங்கிய தண்ணீர். அந்த விறகு கிலோவுக்கு 8.3 மெகாஜூல்தான் தரும். தன்னிடமுள்ள ஈரத்தை ஆவியாக்கவே தன் சூட்டில் ஒரு பங்கைச் செலவழித்துவிடும்.

இப்போது ஒருவர் வந்து 'புது அடுப்பு, விறகு கிட்டத்தட்டப் பாதி மிச்சம்' என்கிறார் என்று வையுங்கள். சோதனையன்று அவர் காய்ந்த விறகைப் போடுவார். உங்கள் 3,600 கிலோ பச்சை விறகு தந்த அதே வெப்பத்தைக் காய்ந்த விறகில் 2,030 கிலோவே தந்துவிடும். தராசில் 44 சதவீதம் குறைந்திருக்கிறது, அடுப்பில் ஓர் ஆணிகூட மாறவில்லை! குறைந்த எடையில் பெரும்பகுதி தண்ணீர். மரமாகக் கணக்குப் போட்டால் பச்சை விறகில் இருந்த உலர் மரம் 1,800 கிலோ, காய்ந்த விறகில் 1,630 கிலோ. உண்மையான மிச்சம் 10 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. பச்சை விறகு புகைந்து, குழாயின் உட்பக்கம் கரி படிந்து, சூடு கொட்டகைக்குள் இறங்காமல் போவதையும் சேர்த்தால் நடைமுறையில் இதைவிடக் கூடுதலாக மிச்சமாகும். ஆனாலும் விளம்பரத்தில் சொல்லும் பாதி ஆகாது. விறகின் ஈரத்தைச் சொல்லாமல் மிச்சக் கணக்கு காட்டும் எந்தச் சீட்டையும் நம்பாதீர்கள். கட்டுரையிலும் விறகு எடையை எப்போதும் உலர் எடையாகவே எழுதச் சொல்லுங்கள்.

ஈரம் பார்ப்பது எளிது. அடுக்கின் நடுவிலிருந்து ஐந்தாறு கட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றின் நடுப்பகுதியிலும் ஒரு வில்லை அறுங்கள். நுனி சீக்கிரம் காயும் என்பதால் அது பொய் சொல்லும். உடனே எடை போட்டு, 100 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே உள்ள அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை வைத்து, மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடையை முதல் எடையால் வகுத்தால் ஈரம் கிடைக்கும்.

உலர் மரத்தில் பாதி கார்பன். அது எரிந்தால் கிலோவுக்கு 1.83 கிலோ கார்பன் டை ஆக்சைடு. உங்களுடையது பச்சை விறகு என்றால் 1,800 கிலோ உலர் மரத்துக்கு 3,300 கிலோ, அதாவது இலை கிலோவுக்கு 6.6 கிலோ. அதே 3,600 கிலோ முழுவதும் காய்ந்த விறகாக இருந்திருந்தால் கிலோவுக்கு 10.6. ஈரம் தெரியாமல் இதில் எந்த எண்ணை எழுதினாலும் அது குருட்டுக் கணக்கு.

ஒப்பிட்டுப் பார்க்க உலகக் கணக்கு ஒன்று இருக்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்டது. ஆண்டுக்கு 6 லட்சம் கோடி சிகரெட்டுக்கு 8.4 கோடி டன் பசுங்குடில் வாயு. சிகரெட் ஒன்றுக்கு 14 கிராம். இதில் பாதிக்கு மேல் பதப்படுத்துவதில் போகிறது. அடுத்தது சாகுபடி, அதில் தழைச்சத்து உரத்துக்கும், அந்த உரத்திலிருந்து மண் வெளிவிடும் நைட்ரஸ் ஆக்சைடுக்கும் பங்கு உண்டு. மூன்றாவது ஆலை. போக்குவரத்து இவற்றுக்கெல்லாம் வெகு கீழே. பர்லி போல நிழலில் காற்றில் உலர்த்தும் ரகத்துக்கு விறகே வேண்டாம் என்பதால், 'புகையிலை' என்று பொதுவாக எழுதாமல் எந்த முறையில் பதப்படுத்தியது என்று எழுத வேண்டும்.

மகள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. விறகு எந்த மரத்திலிருந்து வந்தது? வெட்டிய இடத்தில் மறுபடி நட்டு, அதே அளவு வளரும் தோப்பு என்றால் அந்த 6.6 கிலோவைத் தனி வரியில் காட்டலாம்; மரம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இயற்கைக் காட்டை வெட்டி, திரும்ப வளராமல் விட்டது என்றால் முழுவதும் தடத்தில் சேர வேண்டும். 'விறகுதானே, கார்பன் சமநிலை' என்று அச்சடித்துக் கொடுப்பவரிடம் தோப்பு எங்கே, எத்தனை ஹெக்டேர் என்று கேளுங்கள். உங்கள் கணக்கிலேயே பாருங்கள். ஹெக்டேருக்கு 2,000 கிலோ இலை என்றால் நான்கு கொட்டகை, 7,200 கிலோ உலர் மரம். தோப்பு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 10 டன் உலர் மரம் கொடுத்தால், ஒரு ஹெக்டேர் புகையிலைக்கு 0.7 ஹெக்டேர் மரம் நிரந்தரமாக நிற்க வேண்டும். நிற்கிறதா?

300 சிகரெட்டுக்கு ஒரு மரம் என்ற வரியை எடுத்துவிடுங்கள். சிகரெட்டுக்கு ஒரு கிராம் இலை என்று வைத்தால் மொத்தம் 300 கிராம். உங்கள் கொட்டகையில் அதற்கு ஆன உலர் மரம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஒரு கிளை அளவு. உண்மைக் கணக்கே போதுமான அளவு மோசமாக இருக்கும்போது ஊதிப் பெருக்க வேண்டியதில்லை.

செலவு அதிகமா என்றால், ஆம், குறைக்க இடம் இருக்கிறது. பச்சை விறகென்று வைத்தாலே ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் இலைக்குப் போயிருக்கிறது. பெரும்பாலும் தவறு நடப்பது மேல் ஜன்னலில். இலை மஞ்சளாகி, தாள் காயும் கட்டத்தில் ஜன்னலைத் திறந்தே ஆக வேண்டும். நடுநரம்பு காயும் கடைசிக் கட்டத்தில், சூடு 70 டிகிரியை நெருங்கும்போது, வெளியேற மிச்சமிருக்கும் ஈரம் கொஞ்சம்தான். அப்போதும் அகலத் திறந்து வைத்தால் வானத்தைத்தான் சூடாக்குகிறீர்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்றை இலைகளின் நடுவே தொங்கவிடுங்கள். தாள் காயும்போது அது 38-லிருந்து 40 டிகிரிக்குள் நிற்கட்டும். அதற்குக் கீழே இறங்கினால் ஜன்னல் அதிகம் திறந்திருக்கிறது. கடைசிக் கட்டத்தில் 43 டிகிரி வரை ஏறலாம். ஏறும்படி ஜன்னலைச் சுருக்குங்கள். துணி காய்ந்துபோனால் வெப்பமானி உளறும், தண்ணீர்ப் புட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு கூரைக்கு அடியில் சூடு தாங்கும் ஒரு தடுப்பும், கதவு விளிம்பில் மண் பூச்சும். புது அடுப்பை யோசிப்பது இதற்கெல்லாம் பிறகுதான்.

தண்ணீரில் ஒரே விஷயம்: மழையையும் பாசனத்தையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். பயிர் மொத்தம் 500 மில்லிமீட்டர் குடித்து, அதில் 150 பாசனம் என்று வைப்போம். ஒரு மில்லிமீட்டர் என்பது ஹெக்டேருக்கு 10 கன மீட்டர். கிலோ இலைக்கு 2,500 லிட்டர் வரும். அதில் 1,750 மழை, 750 கிணறு. கிணறு வற்றுவது இந்த 750-ஆல்தான், சொட்டுநீர் குறைப்பதும் இதைத்தான். இம்பீரியல் கணக்கில் சிகரெட்டுக்கு 3.7 லிட்டர் என்பது சாகுபடி முதல் குப்பையாவது வரை எல்லாம் சேர்ந்தது. விறகுத் தோப்பு குடித்த மழையை யாரும் பெரும்பாலும் எழுதுவதில்லை. மகள் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

கடைசியாக, அந்த 500 கிலோவை எப்போது எடை போட்டீர்கள்? கொட்டகையிலிருந்து இறக்கிய கையோடு இலை கண்ணாடி போல நொறுங்கும், ஈரம் 3 சதவீதம்கூட இருக்காது. காற்றில் ஈரம் ஏற்றி, மடித்தால் முறியாத பதத்துக்கு வரும்போது ஈரம் 15 சதவீதம் ஆகிவிடும். பதத்துக்கு வந்தபின் 500 கிலோ காட்டும் இலை, இறக்கியபோது 440 கிலோதான் இருந்திருக்கும். ஒரே இலை, ஒரே விறகு. ஆனால் கிலோவுக்கு விறகு ஒரு கணக்கில் 7.2, இன்னொன்றில் 8.2. பதம் வந்தபின் போட்ட எடையையே எடுங்கள், அதன் ஈரத்தையும் பக்கத்தில் குறியுங்கள்.