தனாகா சானா, வெறும் தனாகாவா?

தம்பி, ஜப்பானிய நிறுவனத்தில் சேர்ந்ததும் மேலதிகாரிகளுக்கு எப்படி மெயில் எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். மரியாதை குறைந்துவிடுமோ என்பதுதானே உங்கள் பயம்? நம் ஆட்கள் அங்கே பெரும்பாலும் சறுக்குவது வேறு இடத்தில், மரியாதை கூடாத இடத்தில் அதைக் கொடுத்து.

உங்கள் துறைத்தலைவர் பெயர் தனாகா என்று வைத்துக்கொள்வோம். துறைத்தலைவருக்கு அங்கே 'புச்சோ' என்று பெயர். அவருக்கே எழுதும்போது 'தனாகா புச்சோ' என்று தொடங்குங்கள். பெயருக்குப் பின்னால் வரும் பதவியே மரியாதைச் சொல். கூடவே பெயருக்குப் பின் போடும் மரியாதைச் சொல்லான 'சமா'வும் சேர்த்து 'புச்சோ சமா' என்றால் 'சார் அவர்கள்' மாதிரி இரட்டிப்பாகிவிடும்.

இப்போது வாடிக்கையாளர் நிறுவனத்தின் சுசுகிக்கு எழுதுகிறீர்கள். வரைபடத்தை வெள்ளிக்கிழமை அனுப்புவதாகத் தனாகா சொல்லியிருக்கிறார். நம் கை தானாக மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து 'தனாகா சான் சொன்னார்' என்றுதான் எழுதும். அது தவறு. வெளியாளிடம் பேசும்போது உங்கள் அதிகாரியும் உங்கள் வீட்டு ஆள். அவரைத் தாழ்த்தித்தான் சுசுகியை உயர்த்த வேண்டும். ஆகவே சுசுகிக்கு 'சமா', தனாகாவுக்கு ஒன்றும் கிடையாது. பதவியைச் சொல்ல வேண்டுமென்றால் பெயருக்கு முன்னால் கொண்டுவந்து 'புச்சோ நோ தனாகா' என்று எழுதலாம். முன்னால் வந்தால் அது வெறும் தகவல்தான். 'சொன்னார்' என்பதற்கும் உயர்த்திச் சொல்லும் 'ஒஷ்யாய்மாஷ்தா' வேண்டாம், பணிவான 'மோஷ்தே ஒரிமாஷ்தா' போடுங்கள். மெயிலின் நகல் தனாகாவுக்குப் போனாலும் இதேதான். அவர் கோபப்பட மாட்டார், மாற்றி எழுதினால்தான் நெளிவார்.

நமக்கு இது உறுத்தும். பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட 'அப்பா வந்தாங்க' என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அங்கே தன் அப்பாவை நேரில் 'ஒதோசான்' என்று கூப்பிடுபவரே வெளியாளிடம் 'சிசி' என்றுதான் சொல்வார். ஒரு விதிவிலக்கு உண்டு: தனாகாவின் மனைவி அலுவலகத்துக்கு போன் செய்தால், அவரிடம் தனாகாவை மரியாதையோடுதான் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் தனாகா அவர் வீட்டு ஆள் அல்லவா?

கொரிய நிறுவனத்துக்கு இந்தக் கணக்கைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே வெளியாரிடமும் தம் துறைத்தலைவரைப் 'புஜாங்நிம்' என்றே சொல்வது வழக்கம்.

அப்புறம், சின்ன விஷயங்கள் இரண்டு. உங்கள் நிறுவனத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்கு எழுதும்போது, உழைப்புக்கு நன்றி என்ற பொருளில் 'ஒத்சுகாரேசமா தெஸ்' என்று தொடங்கலாம். அதே மாதிரி ஒலிக்கும் 'கொகுரோசமா' மேலிருப்பவர் கீழிருப்பவருக்குச் சொல்வது. 'சரி, புரிந்தது' என்பதற்கு 'ரியோகாய்' சக ஊழியரோடு நிற்கட்டும், மேலதிகாரிக்கு 'ஷோச்சி ஷிமாஷ்தா'.

தப்பானால் யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். 'அனுப்புமுன் ஒருமுறை காட்டுங்கள்' என்று பக்கத்து இருக்கை சீனியர் மெதுவாகக் கேட்பார், அவ்வளவுதான். அப்படிக் கேட்டால், அதே வாடிக்கையாளருக்கு அவர் எழுதிய பழைய மெயிலைத் திறந்து, தனாகாவின் பெயர் அதில் எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள்.