விளக்குக்கு மூடி போடலாமா?

கேள்வி: எங்கள் தெருவில் 20 வீடுகள். நாங்களே பணம் போட்டு விளக்கு வைத்தோம். 7 வீட்டுக்காரர்கள் ஒரு காசு தரவில்லை. ஆனால் அதே வெளிச்சத்தில்தான் வருகிறார்கள், போகிறார்கள். அவர்கள் வாசல் பக்கம் வெளிச்சம் விழாதபடி மூடி போட்டுவிடலாம் என்கிறேன். இதில் என்ன தப்பு?
— ஒரு வாசகர்

பதில்: தப்பு என்னவென்றால், அந்த மூடியால் அதிகம் கஷ்டப்படப் போவது நீங்கள். பணம் தராதவருக்கு இருட்டு தன் வாசலிலிருந்து பத்தடி தூரம்தான். கதவைத் திறந்து உள்ளே போய்விடுவார். நீங்கள் தெருக்கோடிவரை போய்த் திரும்ப 7 இருட்டுத் திட்டுகளைத் தாண்ட வேண்டும். வெளிச்சத்தில் நடந்து பழகிய கண் இருட்டுக்குள் நுழைந்ததும் உடனே பார்க்காது, பழக நேரம் எடுக்கும். அதனால் முழு இருட்டுத் தெருவைவிட இந்தத் திட்டு இருட்டில் தடுக்கி விழுவது சுலபம். யாராவது ஒளிந்து நிற்க நினைத்தால், அதற்கும் 7 இடங்களை நீங்களே செய்து கொடுத்ததாக ஆகும்.

தெருவிளக்கைப் பொதுப்பண்டம் என்று சொல்வதற்குக் காரணமே இதுதான். பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஒளியில் நடந்துபோனால் உங்களுக்கு ஒளி குறைவதில்லை. அவரை மட்டும் விலக்கி வைக்கவும் வழியில்லை. விலக்கப் போனால் பண்டமே கெட்டுப்போகிறது. உங்கள் வாசல் கதவுக்கு மேல் எரியும் பல்பு அப்படியல்ல; அது உங்கள் சாவித்துவாரத்துக்கு மட்டும் உதவுகிறது. முன்காலத்து லண்டனில் இரவில் தெருவில் போகிறவர்களுக்குத் தீப்பந்தம் பிடித்து வழிகாட்டும் பையன்கள் இருந்தார்கள். காசு கொடுத்தவருக்கு முன்னால் நடப்பார்கள். பந்தம் அவரோடு போகும். தராதவர் இருட்டில் நிற்பார். அதனால் அந்தத் தொழில் நடந்தது. கம்பத்தில் தொங்கும் விளக்கு யாரோடும் போவதில்லை.

சரி, அந்த 7 பேருக்கு ஏன் கொடுக்கத் தோன்றவில்லை? கஞ்சத்தனம் என்று முடித்துவிடாதீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு விளக்கை ஓராண்டு எரியவைக்க 50 செலவு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீடும் 50 தந்தால் ஒரு விளக்கு கூடும். ஒரு விளக்கால் ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைக்கும் நன்மை 4 என்று வையுங்கள். அப்படியானால் ஒருவர் 50 கொடுக்கும்போது தெரு முழுவதற்கும் 80 நன்மை. ஆனால் அவர் கைக்குத் திரும்பி வருவது 4 மட்டும். மற்றவர்கள் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. கொடுக்காமல் இருந்தால் அவருக்கு 46 மிச்சம். இதைத்தான் ஓசிச் சவாரி என்கிறோம். நல்ல மனிதரும் இந்தக் கணக்குக்குள்தான் நிற்கிறார்.

இப்போது உங்கள் நிலைமையைப் பாருங்கள். 13 வீடுகள் தந்ததால் 13 விளக்குகள். ஒவ்வொரு வீட்டுக்கும் 52 நன்மை. தராதவருக்கு 52 முழுசாக. 50 கொடுத்த உங்களுக்கு மிஞ்சுவது 2. அடுத்த ஆண்டு இன்னும் ஒருவர் பின்வாங்கினால் விளக்கு 12, நன்மை 48, கொடுத்த 12 பேருக்கும் ஆளுக்கு 2 நஷ்டம். அப்புறம் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். எல்லா 20 வீடுகளும் கொடுத்திருந்தால் ஆளுக்கு 30 லாபம் என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வராது. ஆய்வுக்கூடத்தில் ஆட்களை உட்காரவைத்து இதே விளையாட்டை ஆடச்சொன்னால், முதல் சுற்றில் கையிலிருப்பதில் ஏறக்குறையப் பாதியைப் பொதுவில் போடுகிறார்கள். சுற்று ஏற ஏற அது தேய்கிறது. மற்றவர் கொடுக்கும்வரை நானும் கொடுப்பேன் என்பவர்கள்தான் நம்மில் அதிகம். மற்றவர் நிறுத்தினால் அவர்களும் நிறுத்துகிறார்கள்.

ஆக, மூடியை வீசிவிட்டு வேறு வேலை செய்யுங்கள். முதலில் அந்த 7 பேரும் ஒரே ரகம்தானா என்று பாருங்கள். விளக்கு ஒருவர் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக இருந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம். அவரிடம் பணம் கேட்பது அநியாயம். "உங்கள் வீட்டெதிர் விளக்கை எடுத்துவிடலாமா?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். "எடுங்கள், நிம்மதி" என்பவர் ஓசிக்காரர் அல்ல. "ஐயோ வேண்டாம்" என்று பதறுபவருக்கு அந்த விளக்கின் மதிப்பு தெரியும். பணம் மட்டும் வரவில்லை.

அடுத்த ஆண்டு வசூலை வேறுவிதமாக வையுங்கள். "16 வீடுகள் பணம் தந்தால்தான் விளக்குகள் எரியும், 15 வந்தாலும் எல்லாருக்கும் பணம் திரும்ப" என்று அறிவித்துவிடுங்கள். 16 விளக்குகள் என்றால் ஆளுக்கு 64 நன்மை, கொடுத்தவருக்கு 14 மிச்சம். இப்போது பதினாறாவது ஆளாக நிற்பவர் தராவிட்டால் அவருக்கே 64 போகிறது. 50 கொடுத்தால் 4 என்ற பழைய கணக்கு அவருக்குச் செல்லாது. முன்னால் கொடுத்தவர்களுக்கும் ஏமாந்துபோவோமோ என்ற பயமில்லை. ஆனால் சொன்னபடி செய்ய வேண்டும். ஒருதடவை 14 பேரோடு மனமிரங்கி விளக்கைப் போட்டுவிட்டால், அதற்கப்புறம் உங்கள் அறிவிப்பை யாரும் நம்பமாட்டார்கள்.

இதிலும் ஓட்டை உண்டு. 16 பேர் எப்படியும் சேர்ந்துவிடுவார்கள் என்று நினைப்பவர் ஒதுங்கித்தான் நிற்பார். 20 வீடுகளில் யார் ஒதுங்கினார் என்று எல்லாருக்கும் தெரியும், அந்தக் கூச்சம் வேலை செய்யும். 2000 வீடுகளில் முகம் தெரியாது, கூச்சமும் இருக்காது. சிறு குழுவில் கைகூடுவது பெரிய குழுவில் தானாகக் கைகூடாது என்று பொருளியலாளர் மான்கர் ஓல்சன் 1965இல் விரிவாக எழுதினார். அதனால்தான் பெரிய ஊர்கள் வரிக்குப் போயின. 1667இல் பாரிஸ் நகரம் தெருக்களில் விளக்குகளைத் தொங்கவிட்டபோது குடியிருப்பவர்களிடம் அதற்கு வரி வாங்கியது. லண்டனில் அவரவர் வாசலில் அவரவரே விளக்கு மாட்ட வேண்டும் என்று பலகாலம் ஆணை போட்டுப் பார்த்தார்கள், சரிவரவில்லை. 1736இல் அங்கும் விளக்குக்கென்று வரி வசூலிக்கச் சட்டம் வந்தது.

வரியும் முழுத் தீர்வு என்று சொல்லமாட்டேன். எல்லாரிடமும் 50 வாங்கினால் தூக்கம் கெட்டவரும் 50 கட்டுகிறார். ஆளாளுக்குக் கிடைக்கும் நன்மைக்கேற்ப வாங்கலாம் என்றார் ஸ்வீடன் பொருளியலாளர் எரிக் லிண்டால், 1919இல். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் "உனக்கு எவ்வளவு நன்மை?" என்று கேட்டு அதன்படி வரி போட்டால், யார் அதிகமாகச் சொல்வார்கள்? குறைத்துச் சொல்வதுதான் லாபம் என்பதை 1954இல் பொருளியலாளர் பால் சாமுவேல்சன் காட்டினார். ஓசிச் சவாரி அங்கேயும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 20 வீடுகள்தான், யார் வீட்டு ஜன்னல் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். தூக்கம் கெட்டவர் யாராவது இருந்தால், மூடிக்கு எடுத்துவைத்திருக்கும் தகரத்தை அவர் படுக்கையறைப் பக்கம் மட்டும் பொருத்திக் கொடுங்கள். மற்ற வீடுகளுக்கு 16 என்ற எண்ணோடு போய்ப் பேசுங்கள்.