பெட்டிக்கு 4.80 கூட்டிக் கேட்கிறார்கள்: எவ்வளவுக்கு ஒத்துக்கொள்வது, எந்தத் தேதியிலிருந்து?

*கேள்வி: பெங்களூர் கம்மனஹள்ளியில் முறுக்கு, தட்டை, மிக்சர் செய்து கடைகளுக்குப் போடுகிறோம். ஆறு வருடமாக பீன்யாவில் ஒரே கம்பெனியில்தான் 5 பிளை அட்டைப் பெட்டி வாங்குகிறோம். மாதம் சராசரி 5,000 பெட்டி, ஜிஎஸ்டி இல்லாமல் 40 ரூபாய். கிராஃப்ட் பேப்பர் கிலோ 36-லிருந்து 40 ஆகிவிட்டதாம். செப்டம்பர் 1 முதல் 12 சதவீதம் கூட்டி 44.80 என்று லெட்டர் வந்திருக்கிறது. ஓனர் திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர், சண்டை போட மனசில்லை. ஆனால் அக்டோபர் கடைசி வரை பழைய ரேட்தான் என்று கடைகளுக்குச் சொல்லிவிட்டோம். ஏற்றத்தில் ஒரு பகுதியை ஒத்துக்கொண்டு, தேதியைத் தள்ளிக் கேட்கலாமா? எப்படி எழுதுவது?*

கேட்கலாம். ஆனால் "பாதி" என்று கேட்காதீர்கள். பாதிக்குக் கணக்கு கிடையாது; அவர் முக்கால் என்பார், நீங்கள் கால் என்பீர்கள், பேச்சு சந்தை பேரமாகிவிடும். பேப்பர் ஏற்றம் பெட்டி விலையில் எவ்வளவு ஏற்றுகிறதோ அதை முழுசாக ஒத்துக்கொள்ளுங்கள். அதைக் கண்டுபிடிக்க உங்களுக்குத் தேவை ஒரு தராசுதான்.

கடைசியாக வந்த லாட்டிலிருந்து, நனையாத பத்து பெட்டிகளை எடுத்து ஒன்றாக நிறுத்துப் பாருங்கள். 7 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு பெட்டி 700 கிராம். பெட்டி வெட்டும்போது ஓரம், ஸ்லாட், ரீலின் கடைசிச் சுற்று என்று கொஞ்சம் பேப்பர் வேஸ்டாகப் போகும். அதற்கு 50 கிராம் சேர்த்தால், ஒரு பெட்டிக்கு அவர் வாங்க வேண்டிய பேப்பர் 750 கிராம். பேப்பர் கிலோவுக்கு 4 ரூபாய் ஏறியிருக்கிறது. 0.75-ஐ 4-ஆல் பெருக்கினால் 3 ரூபாய்.

லெட்டரில் நடந்திருப்பது இதுதான். பேப்பர் 11 சதவீதம் ஏறியது, அதே அளவில், சற்றுக் கூடவே, பெட்டி முழுவதற்கும் ஏற்றம் போட்டுவிட்டார்கள். ஆனால் 40 ரூபாய் பெட்டியில் பழைய ரேட்டுக்குப் பேப்பர் 27 ரூபாய்தான். மீதி 13 ரூபாய் பசை, பிரிண்டிங், கூலி, கரண்ட், வண்டி வாடகை, அவருடைய லாபம். பேப்பர் ஏறியதால் இந்த 13 ரூபாய் ஏறப்போவதில்லை. அதனால் 4.80-ல் 3 ரூபாய்க்கு நியாயம் இருக்கிறது, மிச்சம் 1.80-க்கு அவர்தான் கணக்கு காட்ட வேண்டும். கூலியோ வாடகையோ உண்மையிலேயே ஏறியிருக்கலாம். இருந்தால் தனியாகச் சொல்லட்டும், பேசலாம்.

36, 40 என்ற எண்களையும் கேட்டுச் சரிபாருங்கள். மில்லிடமிருந்து வந்த பழைய பில் ஒன்று, புதிய பில் ஒன்று, அதே பிஎஃப், அதாவது கிழியாமல் தாங்கும் பலம், அதே ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கனம், உள்ள பேப்பருக்கு. மில் பெயரை மறைத்துக் கொடுத்தாலும் போதும். ஏற்றம் 3 ரூபாய்தான் என்று தெரிந்தால் உங்கள் எண் 2.25 ஆகும். இந்தப் பெருக்கலை அவர் முன்னாலேயே செய்து காட்டலாம்.

இனி தேதி. பலரும் பிசகுவது இங்கேதான்: எவ்வளவு, எப்போது என்ற இரண்டையும் ஒரே எடையில் வைத்துப் பேசுகிறார்கள். உங்கள் கணக்கில் 4.80 என்பது மாதம் 24,000 ரூபாய், 3 ரூபாய் என்பது மாதம் 15,000. தொகை குறையாமல் தேதி மட்டும் இரண்டு மாதம் தள்ளினால் முதல் வருடத்தில் மிச்சம் 48,000. தேதி மாறாமல் தொகை மட்டும் 3 ரூபாயாகக் குறைந்தால் மிச்சம் 1,08,000. அடுத்த வருடமும் அந்த மிச்சம் தொடரும். தேதியில் கிடைத்தது ஒரு தடவையோடு சரி. 3 ரூபாய் ஏற்றத்தில் ஒரு மாதத் தள்ளிவைப்பு, வருடக் கணக்கில் பெட்டிக்கு 25 பைசாவுக்குச் சமம். "நவம்பர் 1 தருகிறேன், ஆனால் 3.75 போட்டுக்கொள்ளுங்கள்" என்று அவர் சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு மாதத்துக்கு வாங்குவது 50 பைசா, கொடுப்பது 75 பைசா.

ஆகவே தொகையில் உறுதியாக நில்லுங்கள், தேதியில் விட்டுக்கொடுக்க இடம் வைத்துக்கொள்ளுங்கள். 3 ரூபாய் சரி என்று கணக்கு சொல்லும்போது 2-லிருந்து ஆரம்பிக்க வேண்டாம். நீங்களே உங்கள் கணக்கை நம்பவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். தேதியை மட்டும் நவம்பர் 1 என்று கேளுங்கள். ஒத்துவராவிட்டால் அக்டோபர் 1-லிருந்து 1.50, நவம்பர் 1-லிருந்து முழு 3 என்று இரண்டு படியாக இறங்கலாம். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் உங்கள் ஆர்டர் 8,000-ஐத் தொடும் என்றால் ஒரு மாதத்தின் மதிப்பு 15,000 இல்லை, 24,000. உங்கள் போன வருட எண்ணிக்கையைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

தேதி கேட்க உங்களிடம் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, கடைகளுக்குக் கொடுத்த வாக்கு. இது உங்கள் சங்கடம். அவர் இரக்கப்பட்டால் உண்டு. இன்னொன்று வலுவானது: பாக்ஸ் கம்பெனியில் பழைய விலைக்கு வாங்கிய ரீல் சில வாரங்களுக்காவது ஸ்டாக் இருக்கும். செப்டம்பர் முதல் வாரத்தில் உங்களுக்கு வரும் பெட்டி அநேகமாக 36 ரூபாய் பேப்பரில் செய்ததுதான். "பழைய ரீல் எத்தனை நாளைக்கு ஓடும்?" என்று நேராகவே கேளுங்கள்.

தேதியைத் தள்ளச் சம்மதிக்க அவர் தயங்குவது வேறொரு பயத்தால். பழைய விலை இருக்கும்வரை மூன்று மாதச் சரக்கை ஒரேயடியாக ஆர்டர் போட்டு அடுக்கிவிடுவீர்களோ என்பது அந்தப் பயம். அதை நீங்களே முந்திக்கொண்டு தீர்த்துவிடுங்கள்: பழைய விலையில் மாதம் இத்தனை பெட்டிக்கு மேல் கேட்க மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள். வாங்கி அடுக்குவதில் உங்களுக்கும் லாபமில்லை. அட்டைப் பெட்டி ஈரத்தை இழுக்கும். மழை மாதங்களில் கோடவுனில் கிடந்தால் தாங்கும் பலம் குறைந்து, அடுக்கும்போது அடிப்பெட்டி நசுங்கும்.

லெட்டர் வந்த இரண்டு மூன்று நாளுக்குள் பதில் போக வேண்டும். பதில் சொல்லாமல் இருந்துவிட்டு புதிய ரேட்டில் வந்த முதல் பில்லைப் பாஸ் செய்தால், ஒத்துக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். முதலில் போன், அன்றே மெயில். போனில் நீளமாக வேண்டாம்: "அண்ணாச்சி, லெட்டர் பாத்தோம். பேப்பர் ஏறினது நியாயந்தான், அதை நாங்க தர்றோம். பெட்டியை நிறுத்து ஒரு கணக்குப் போட்டிருக்கோம், மெயில்ல அனுப்புறேன். பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க." எண்ணைப் போனில் சொல்லாதீர்கள், கணக்கு இல்லாமல் எண் மட்டும் காதில் விழுந்தால் அது பேரமாகத்தான் படும்.

மெயில் இப்படி இருக்கலாம், ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதுவே:

> தங்கள் விலை உயர்வுக் கடிதம் கிடைத்தது. பேப்பர் கிலோவுக்கு ரூ.4 ஏறியதை ஏற்கிறோம். எங்கள் பெட்டிக்கு வேஸ்ட் உட்பட 750 கிராம் பேப்பர் என்ற கணக்கில் உயர்வு ரூ.3, புதிய விலை ரூ.43, ஜிஎஸ்டி தனி. கடைகளுக்கு அக்டோபர் 31 வரை விலை உறுதி கொடுத்திருப்பதால், நவம்பர் 1 முதல் நாங்கள் கொடுக்கும் ஆர்டர்களுக்கு இந்த விலையை ஏற்கிறோம். அதுவரை பழைய விலையில் மாதம் 5,000 பெட்டிக்கு மேல் கேட்க மாட்டோம். பேப்பர் கிலோவுக்கு ரூ.1 ஏறினாலும் இறங்கினாலும் பெட்டிக்கு 75 பைசா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். மீதி ரூ.1.80-க்கான விவரம் இருந்தால் அனுப்புங்கள். எடை 700 கிராம், பேப்பர் தரம் இப்போது உள்ளபடியே தொடர வேண்டும்.

5,000 என்ற இடத்தில் உங்கள் சீசன் எண்ணிக்கையைப் போடுங்கள். "ஆர்டர்களுக்கு" என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெறுமனே "நவம்பர் 1 முதல்" என்று எழுதினால், அக்டோபர் 25-ல் நீங்கள் ஆர்டர் கொடுத்து நவம்பர் 4-ல் வந்த லாட்டுக்குப் புதிய விலையில் பில் வரும். ஆர்டர் தேதியா, டெலிவரி தேதியா என்று அன்றைக்கு இரண்டு பேருமே மனக்கசப்போடு பேச வேண்டியிருக்கும். பேச்சு முடியும்முன் 44.80-ல் பில் வந்துவிட்டால் சரக்கைத் திருப்பி அனுப்பாதீர்கள். சரக்கை எடுத்துக்கொண்டு, விலை வித்தியாசத்துக்குக் கிரெடிட் நோட் வேண்டும் என்று அன்றே மெயில் போடுங்கள்.

அவர் 1.80-க்குக் கொஞ்சமாவது கேட்டால், விலையில் தராமல் பணத்தை முன்னால் தரலாம். மாதம் 5,000 பெட்டி, 43 ரூபாய் என்றால் 2,15,000. இதை 45 நாளுக்குப் பதில் 15 நாளில் கொடுத்தால், வருடத்துக்கு 12 சதவீத வட்டிக் கணக்கில் அவருக்கு 2,150 ரூபாய் மிச்சம். அதாவது பெட்டிக்கு 43 பைசா. உங்கள் கையில் பணப்புழக்கம் இருந்தால் மட்டுமே இதைச் சொல்லுங்கள். இதற்கு நேர்மாறாக, "விலையை ஏற்கிறோம், 90 நாள் கடன் கொடுங்கள்" என்று கேட்கவே வேண்டாம். அவர் உத்யம் பதிவுள்ள மைக்ரோ அல்லது ஸ்மால் உற்பத்தியாளராக இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கெடு தாண்டியும் மார்ச் 31-ல் பாக்கி நிற்கும் தொகையை அந்த வருடச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது. கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதி இது.

வேறு கம்பெனிக்குப் போய்விடுவோம் என்ற மிரட்டலைச் சீசனுக்கு முன் எடுக்காதீர்கள். புதிய இடத்தில் சாம்பிள் பார்த்து, பிரிண்டிங் பிளாக் செய்து, முதல் லாட் வருவதற்கு வாரங்கள் ஆகலாம் என்பது அவருக்கும் தெரியும். இன்னொரு இடத்தில் கொட்டேஷன் வாங்கி வைப்பது நல்லதுதான், ஆனால் அதே எடை, அதே பிஎஃப் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் 640 கிராம் பெட்டியின் விலையை 700 கிராம் பெட்டியோடு ஒப்பிடுவீர்கள்.

அதே 640 கிராம் உங்கள் பழைய கம்பெனியிலிருந்தும் வரலாம். விலையில் விட்டுக்கொடுத்ததை ஜிஎஸ்எம் குறைத்து எடுத்துக்கொள்வது இந்தத் தொழிலில் நடக்கக்கூடியது. 60 கிராம் குறைந்தால் அவருக்கு 40 ரூபாய் பேப்பரில் 2.40 மிச்சம், நீங்கள் குறைத்த 1.80-க்கு மேலேயே போய்விட்டது. அதனால் இன்று நிறுத்த அந்தப் பத்து பெட்டியின் எடையைத் தேதியோடு எழுதி வையுங்கள், இரண்டு பெட்டியைக் காய்ந்த இடத்தில் மாதிரிக்கு வையுங்கள். புதிய விலையில் வரும் முதல் மூன்று லாட்டிலும் பத்துப் பத்தாக நிறுங்கள். 2, 3 சதவீதம் கூடக் குறைய வருவது ஈரத்தாலும் பேப்பரின் இயல்பாலும்தான். 5 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து குறைந்தால் பேப்பரை மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகிக்கலாம். எடை சரியாக இருந்தும் பெட்டி நசுங்கினால், ஜிஎஸ்எம் அதேதான், பிஎஃப் குறைந்த பேப்பர் போட்டிருக்கக்கூடும். அதை விரலால் அழுத்திப் பார்த்துச் சொல்ல முடியாது, பர்ஸ்டிங் ஸ்ட்ரெங்த் டெஸ்ட் ரிப்போர்ட்டை லாட்டோடு கேட்டு வாங்குங்கள்.