சக்கரம் சாலையில் உட்காரட்டும்: வாசகர் கேள்விகள்

Blender-இல் 3D காருக்கு ஐந்து ஸ்போக் அலாய் வீல் செய்தேன். ஸ்போக்குகளுக்கு நடுவே பளபளப்பில் மெல்லிய கோடு தெரிகிறது. ஏன்?

Subdivision-ஐ Array-க்கு மேலே வைத்திருப்பீர்கள். அப்போது 72 டிகிரித் துண்டு தனியாக மழுங்கி, அதற்குப் பிறகுதான் ஐந்தாகப் பெருகுகிறது; ஓரங்கள் ஒட்டுவதே இல்லை. முதலில் Array, அதில் Merge-உம் First Last-உம், அப்புறம்தான் Subdivision. Ctrl+A கொடுத்து Scale-ஐ 1 ஆக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கடைசித் துண்டு முதல் துண்டோடு சேராது.

ரிம் கறுப்பாகவே வருகிறது. நிறத்தை மாற்றியும் பயனில்லை.

உலோகம் சுற்றியிருப்பதைத்தான் காட்டும். வெற்று வெளியில் வைத்தால் கறுப்புதான். ஒரு HDRI அல்லது பெரிய Area லைட் வையுங்கள்.

டிரெட்டைச் சுற்றி வளைத்தால் ஓர் இடத்தில் மட்டும் இடைவெளி விழுகிறது. டயர் 205/55 R16, ஒரு கட்டை 30 மி.மீ.

அளவோடு கேட்டதற்கு நன்றி, "சரியா வரல" என்று மட்டும் எழுதுபவர்களுக்கு என்னால் உதவ முடிவதில்லை. விட்டம் சுமார் 632 மி.மீ., சுற்றளவு 1985. 66 கட்டை போட்டால் 1980, மீதி 5 மி.மீ.தான் உங்கள் இடைவெளி. ஒவ்வொரு கட்டையையும் துளி நீட்டி 30.08 ஆக்கினால் மூடிவிடும். ஆனால் எல்லாக் கட்டையும் ஒரே நீளம் என்றால் பல்சக்கரம் மாதிரி தெரியும். நிஜ டயரில் இரைச்சலைக் குறைக்க நீளத்தை மாற்றி மாற்றித்தான் வைக்கிறார்கள். 28, 30, 32 என்று கலந்து, மொத்தம் சுற்றளவுக்குச் சமமாக வருகிறதா என்று பாருங்கள்.

கார் மிதப்பது போல் இருக்கிறது. டயரைச் சாலைக்குள் கொஞ்சம் புதைக்கலாமா?

கூடாது. வாரம் ஒருவராவது இதைக் கேட்கிறார்கள், முழுக்காரையும் நுணுக்கமாகச் செய்துவிட்டு இந்த ஒரு இடத்தில் கைவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். புதைத்தால் டயர் தரையில் கத்தியால் வெட்டியது போல முடியும், பக்கச்சுவர் துளியும் பிதுங்காது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் எடை இல்லை என்று கண் கண்டுபிடித்துவிடும்.

கணக்கு எளிது. ஒரு சக்கரத்தில் 370 கிலோ, காற்று சதுர செ.மீ.க்கு சுமார் 2.2 கிலோ என்றால் 170 சதுர செ.மீ. ரப்பர் தரையைத் தொட வேண்டும். பள்ளங்கள் தொடாதே, அவற்றையும் சேர்த்தால் 240. அகலம் 16 என்று வைத்தால் நீளம் 15 செ.மீ. சரி, காரை 15 மி.மீ. இறக்கி, அடியை Lattice-ஆல் தட்டையாக்குங்கள். வட்டத்தை நேராக வெட்டினால் தட்டை 19 செ.மீ. வந்துவிடும், ஆகவே முன்பின் ஓரங்களை மெல்லத் தூக்கி 15-க்குக் கொண்டுவாருங்கள். பக்கச்சுவரைத் தரைக்குச் சற்று மேலே வெளியே பிதுக்குங்கள். ரிம் வட்டமாகவே இருக்கட்டும், அதை Lattice தொடக்கூடாது.

சக்கரம் ஓடப் போகிறதா? அப்படியானால் Lattice-ஐ அச்சோடு கட்டுங்கள், சுழலும் டயரோடு கட்டினால் தட்டையும் சேர்ந்து மேலே போய்விடும். இங்கேயும் Scale 1 தானா என்று முதலில் பாருங்கள்.