பழைய பிஎஸ்5 வாங்கும்முன்: கேள்வி பதில்

பல ஆண்டுகளாகப் பழைய கன்சோல்களை வாங்கிப் பிரித்து, சரிபார்த்து, தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டிஸ்க் போடுகிற முதல் மாடல் பிஎஸ்5, அதாவது பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல் பற்றித்தான். அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

கவின், ஈசூன்: அண்ணா, 380 வெள்ளிக்குப் பேசி முடித்துவிட்டேன். விற்பவர் எம்ஆர்டி வாசலில் சந்திக்கலாம் என்கிறார். ரீசெட் செய்து பெட்டியில் போட்டுத் தயாராக வைத்திருக்கிறாராம். போகலாமா?

எம்ஆர்டி வாசலில் வேண்டாம், தம்பி. அங்கே பிளக் பாயிண்ட் கிடைக்காது, டிவியும் இல்லை. சாதாரண பவர் பேங்க்கில் பிஎஸ்5 ஓடாது, விளையாடும்போது சுமார் 200 வாட் இழுக்கிற பெட்டி அது. அவர் வீட்டிலேயே பார்க்க முடியுமா, ஒரு மணி நேரம் ஆகும் என்று முன்கூட்டியே கேளுங்கள். நேர்மையாக விற்பவர் பெரும்பாலும் சரி என்பார். முடியாது என்றால் உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், வேறு ஒன்று கிடைக்கும்.

இன்னொன்று. ரீசெட் செய்து வைப்பது நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வாங்குபவருக்கு அது இடைஞ்சல். அவருடைய கணக்கும் கனமான கேம்களும் உள்ளே இருக்கும்போதுதான் பெட்டியை நன்றாக ஓட்டிப் பார்க்க முடியும். ரீசெட் ஆன பெட்டியில் வைஃபை, அப்டேட் என்று அரை மணி நேரம் போய்விடும். முதலில் சோதனை, அப்புறம் உங்கள் கண் முன்னால் ரீசெட், கடைசியில் பேநவ். அவர் ஏற்கெனவே ரீசெட் செய்திருந்தால் பரவாயில்லை, கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கவின் மறுபடியும்: என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

ஒரு பிஎஸ்5 கேம் டிஸ்க், நன்றாக வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த ஒரு எச்டிஎம்ஐ கேபிள், டேட்டாவும் போகிற ஒரு யுஎஸ்பி சி கேபிள். டார்ச்சும் ஹாட்ஸ்பாட்டும் போனிலேயே இருக்கின்றன. டிஸ்க் இல்லையென்றால் நண்பரிடம் இரவல் வாங்குங்கள். அது இல்லாமல் போவது வீண் பயணம்.

செல்வி, செங்காங்: ஏன் டிஸ்க்குக்கு இவ்வளவு முக்கியத்துவம்? டிரைவ் போனால் வேறு டிரைவ் மாட்டிக்கொள்ளலாமே?

முதல் மாடலில் அது முடியாது, அக்கா. டிரைவுக்குள் இருக்கும் சின்னப் போர்டு அந்தக் கன்சோலின் தாய்ப் பலகையோடு ஜோடி சேர்க்கப்பட்டிருக்கிறது. இன்னொரு பிஎஸ்5-இலிருந்து டிரைவைக் கழற்றி அப்படியே மாட்டினால் டிஸ்க்கைப் படிக்காது. லேசர் பகுதியை மட்டும் மாற்றி, பழைய போர்டையே வைத்துக்கொண்டால் பிழைக்கும். அந்தப் போர்டே போய்விட்டால் உங்கள் கையில் இருப்பது டிஸ்க் இல்லாத கன்சோல்தான். எச்டிஎம்ஐ போர்ட்டை மாற்றலாம், விசிறியை மாற்றலாம், கண்ட்ரோலரைப் புதிதாகவே வாங்கலாம். டிரைவ் அப்படியல்ல.

2023 கடைசியில் வந்த ஸ்லிம் மாடலில் டிரைவைக் கையால் கழற்றி மாட்டலாம், புதிதாக மாட்டும்போது இணையம் இருந்தால் ஜோடி சேர்ந்துவிடும். அதை வாங்குபவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

ஒரு வாசகர், பிடோக்: தம்பி, நான் வாங்கியபோது தேக்காவில் வாங்கிய பழைய தமிழ்ப் பட டிவிடியைப் போட்டுப் பார்த்தேன். ஓடியது. டிரைவ் நன்றாக இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடாதா?

பாதி தெரியும், ஐயா. டிஸ்க்கை உள்ளே இழுக்கிறது, சுற்றுகிறது, வெளியே தள்ளுகிறது என்பது வரை உறுதி. ஆனால் டிவிடியைப் படிப்பது சிவப்பு லேசர், கேம் டிஸ்க்கைப் படிப்பது நீல லேசர். ஒன்று நன்றாக இருந்து இன்னொன்று தளர்ந்திருக்கலாம்.

பிஎஸ்4 டிஸ்க்கைப் போட்டுப் பார்ப்பதும் போதாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நண்பருக்காக ஒரு கன்சோல் பார்க்கப் போய், கையில் இருந்த பிஎஸ்4 டிஸ்க்கைப் போட்டேன், உடனே எடுத்துக்கொண்டது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். அன்று இரவு நண்பர் பிஎஸ்5 டிஸ்க்கைப் போட்டால் இன்ஸ்டால் பாதியைத் தாண்டி நின்றுவிட்டது. டிஸ்க்கை எடுத்துப் போட்டால் கொஞ்சம் நகரும், மறுபடி நிற்கும். பிஎஸ்4 டிஸ்க்கில் அதிகபட்சம் 50 ஜிபி, இரண்டு அடுக்கு. பிஎஸ்5 டிஸ்க்கில் 100 ஜிபி வரை, மூன்று அடுக்கு. தளர்ந்த லேசர் மேலோட்டமான வேலையைச் செய்துவிடும், ஆழமான அடுக்கில் தடுமாறும்.

அதனால் டிஸ்க் ஐகான் திரையில் வந்ததும் திருப்திப்படாதீர்கள். கேமை முழுதாக இன்ஸ்டால் செய்யுங்கள். 20 நிமிடம், சில கேம்களுக்கு அதற்கு மேலும் ஆகும். அத்தனை நேரமும் லேசர் ஓயாமல் படிக்க வேண்டும் என்பதால் இதைவிட நல்ல சோதனை இல்லை. அந்தக் கேம் ஏற்கெனவே உள்ளே இருந்தால் அழித்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். டிஸ்க்கின் கேம் அச்சிட்ட பக்கம், கன்சோல் படுத்திருந்தால் மேலே பார்க்க வேண்டும், நின்றிருந்தால் இடப்பக்கம். தலைகீழாகப் போட்டுவிட்டு டிரைவைக் குறை சொன்னவர்களும் உண்டு.

அதே வாசகர்: என்னுடையதில் கேம் ஆடாதபோதுகூட டிஸ்க் திடீரென்று சுற்றுகிறதே?

உள்ளே டிஸ்க் கிடந்தால் அவ்வப்போது சுற்றிப் பார்க்கும், அது இயல்பு. டக் டக் என்று திரும்பத் திரும்ப அடித்து "Unrecognized disc" என்று வந்தால்தான் கவலை.

மீனா, ஜூரோங் வெஸ்ட்: விசிறிச் சத்தம் எவ்வளவு இருந்தால் சரி? எனக்கு எல்லாமே சத்தமாகத்தான் கேட்கிறது.

அளவைவிடச் சத்தத்தின் தன்மையைக் கேளுங்கள். டிஸ்க்கை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் டிரைவ் சத்தம் குழப்பும். உள்ளே இருக்கும் கனமான ஒரு கேமை அரை மணி நேரம் ஓட விடுங்கள். சீரான காற்றுச் சத்தம் நல்லது. கிர்ர் என்று உரசுவதும், கன்சோலை நிமிர்த்தினால் மாறுவதும் விசிறித் தேய்மானம் அல்லது உள்ளே சிக்கிய ஏதோ ஒன்று. கேம் மெனுவில் மட்டும் மெல்லிய விசில் கேட்டால் அது மின்சுருள்களின் சத்தம். காதுக்குப் பிடிக்காவிட்டாலும் பழுது இல்லை. வெப்பம் அதிகம் என்ற எச்சரிக்கை வந்தாலோ தானாக அணைந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் விற்பவரின் அனுமதியோடு வெள்ளைப் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். ஸ்க்ரூ கிடையாது, மூலையைத் தூக்கி நகர்த்தினால் வந்துவிடும். விசிறியும் தூசி சேரும் துளைகளும் தெரியும். காய்ந்த தூசி இருந்தால் வேக்குவம் போதும். நம் வீடுகளில் பலர் டிவியையும் சாமி அலமாரியையும் ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறோம். சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்த தூசி இறக்கைகளில் ஒட்டிக்கொள்ளும், வேக்குவத்தில் வராது. மிளகுத் தூள் போலக் கறுப்பாகச் சிதறிக் கிடந்தால் அது கரப்பான் பூச்சி எச்சம். கதகதப்பான பெட்டி அதற்குப் பிடிக்கும். அப்படி ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

மீனா: நிற்க வைத்தே பயன்படுத்திய பிஎஸ்5-ஐ வாங்கக் கூடாது என்கிறார்களே?

சிப்பின் மேல் வெப்பத்தைக் கடத்தத் திரவ உலோகம் இருக்கிறது, நின்றபடி இருந்தால் அது ஒரு பக்கம் இறங்கும் என்று பழுது பார்ப்பவர்கள் சிலர் சொல்கிறார்கள். பிரித்துப் பார்த்ததில் இடம் மாறியிருந்ததை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நின்றதால்தானா, கீழே விழுந்ததாலா, முன்பு யாரோ பிரித்ததாலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த அரை மணி நேர ஓட்டத்தை நம்புங்கள்.

ஹரிஷ், பொங்கோல்: படம் வந்தால் எச்டிஎம்ஐ போர்ட் சரி என்று அர்த்தம்தானே?

முழுக்க இல்லை. டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், நடுவில் இருக்கும் நாக்கு நேராக இருக்க வேண்டும், ஊசிகள் வளைந்திருக்கக் கூடாது. உங்கள் கேபிளைச் செருகி மெல்ல அசையுங்கள். படம் மின்னினாலோ கேபிள் தொளதொளவென்று ஆடினாலோ போர்ட் தளர்ந்திருக்கிறது. அப்புறம் Settings > Screen and Video > Video Output பகுதிக்குள் Video Output Information என்ற இடத்தில், 4கே டிவியில் 3840 x 2160 காட்டுகிறதா பாருங்கள். சேதமான போர்ட் குறைந்த தெளிவில் படம் தந்துவிட்டு, 4கே கேட்டால் இருண்டுவிடலாம். யுஎஸ்பி போர்ட் ஒவ்வொன்றிலும் கண்ட்ரோலரைச் செருகி, சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தால் போதும்.

ஹரிஷ்: கண்ட்ரோலர்?

எல்லா பிஎஸ்5-இலும் வரும் Astro's Playroom கேமைத் திறந்தால் அதிர்வு, ட்ரிகர், மைக் எல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கையை எடுத்த பிறகும் ஸ்டிக் தானாக நகரும் குறை மட்டும் அதில் ஒளிந்துகொள்ளும், ஏனென்றால் சின்ன நகர்வுகளைக் கேம்கள் கண்டுகொள்வதில்லை. லேப்டாப் இருந்தால் கேபிளில் இணைத்து, உலாவியில் ஒரு கேம்பேட் சோதனைப் பக்கத்தைத் திறந்து, ஸ்டிக்கை அழுத்தித் தள்ளிவிட்டு விடுங்கள். எண் பூஜ்ஜியத்துக்கு அருகில் திரும்ப வேண்டும். 0.1-க்கு மேல் தங்கினால் விலையில் குறைத்துக் கேளுங்கள். இதற்காகக் கன்சோலை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

ராணி, தெம்பனிஸ்: என் மகனுக்கு வாங்கிய பழைய ஸ்விட்ச்சில் ஆன்லைன் போனால் 2124-4007 என்று வருகிறது. ரீசெட் செய்தும் போகவில்லை. இது பிஎஸ்5-இலும் நடக்குமா?

வருத்தமாக இருக்கிறது, அக்கா. அந்த எண், கன்சோலையே நிண்டெண்டோ தடை செய்திருக்கிறது என்பதைக் குறிக்கும். ரீசெட்டில் போகாது. கேட்ரிட்ஜ் கேம்களை ஆஃப்லைனில் ஆடலாம். விற்றவரிடம் பேசிப் பாருங்கள்.

ஆம், பிஎஸ்5-இலும் நடக்கும். அதனால்தான் ரீசெட்டோடு நிறுத்தக் கூடாது. விற்பவர் Settings > System > System Software > Reset Options > Reset Your Console போய் ரீசெட் செய்யட்டும். கடவு எண் கேட்டு அவருக்கு நினைவில்லை என்றால், மாற்றப்படாத எண் 0000. பிறகு உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் பிளேஸ்டேஷன் கணக்கில் நுழையுங்கள். பிளேஸ்டேஷன் ஆன்லைன் கடை திறந்தால் சரி. கன்சோலுக்குத் தடை என்று செய்தி வந்தால் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

செல்வி: கடையில் வாங்கினால் இதெல்லாம் தேவையில்லையா?

தேவைதான், ஆனால் பாதுகாப்பு அதிகம். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பரில் வந்த லெமன் சட்டம் கடைகள் விற்கும் பழைய பொருட்களுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொதுவாக வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். கரோசெல்லில் ஒரு தனிநபரிடம் வாங்கினால் அது பொருந்தாது. பழுது பழைய பொருளின் வயதுக்கு இயல்பானதா என்பதில் கடைக்காரர் வாதாடலாம், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கவின்: அண்ணா, இப்போது அவர் வீட்டில்தான் இருக்கிறேன். படம், விசிறி எல்லாம் சரி. டிஸ்க் 71 சதவீதத்தில் ஐந்து நிமிடமாக நிற்கிறது. என் டிஸ்க்கில் கோடு இருக்கும், 330 கொடுத்தால் போதும் என்கிறார்.

அவர் சொல்வதும் சாத்தியம்தான், அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். டிஸ்க்கை எடுத்து மென்மையான துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து மறுபடி போடுங்கள். அதே இடத்தில் நின்றால், அவருடைய பிஎஸ்5 டிஸ்க் ஒன்றைக் கேட்டு முழுதாக இன்ஸ்டால் செய்யுங்கள். அது முடிந்துவிட்டால் குறை உங்கள் டிஸ்க்கில்தான், பழைய விலையே நியாயம். அதுவும் நின்றால் டிஸ்க் இல்லாத மாடல் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து, அதற்கும் கீழே கேளுங்கள். 330 அதற்கு மிக அதிகம்.